குர்தாவின் மேல் ஏறும் கோட்டு: மாப்பிள்ளை முன்னோட்டப் படங்களை எதுவரை நம்பலாம்?

தமிழ்நாட்டுக் கல்யாணங்களில் முகூர்த்தத்துக்கு இன்னும் பட்டு வேட்டி சட்டைதான். வரவேற்பில் நிலைமை வேறு. ஷெர்வானியோ, குர்தாவின் மேல் கையில்லாத நேரு கோட்டோ போட்டு மேடையில் நிற்கும் மாப்பிள்ளையைச் சென்னை, கோவை, மதுரை என்று எல்லா ஊர்களிலும் பார்க்கிறோம். நிக்காஹ்வுக்கு ஷெர்வானி அணியும் வழக்கமும் நீண்ட காலமாக இருந்துவருகிறது. துணி எடுக்கும் முன்பே "நம்ம பையனுக்கு இது எப்படி இருக்கும்?" என்று பார்த்துவிட வீட்டார் விரும்புவது இயல்பு. மாப்பிள்ளையை இருக்கிற குர்தாவில் நிற்க வைத்து ஒரு படம் எடுத்து, அதன் மேல் கணினியில் கோட்டை ஏற்றிக் காட்டும் முன்னோட்டப் படங்கள் இதற்காகவே வந்தன.

இந்தப் படங்களில் நிறம் பெரும்பாலும் சரியாக இருக்கிறது, முகமும் கெடுவதில்லை. தவறு நேர்வது காலர், பொத்தான், லைனிங் ஆகிய மூன்று இடங்களில். இவை சிறு அலங்காரங்கள் போலத் தெரிந்தாலும், ஒரு கோட்டு தைக்கக்கூடியதா இல்லையா என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன. படத்தைப் பார்த்து மனம் நிறைந்த வீட்டார் அதையே தையற்காரரிடம் நீட்டி "இதே மாதிரி" என்று கேட்கும்போது, அவர் எந்தத் துண்டை எங்கே வெட்டுவார் என்பதற்கு அந்தப் படத்தில் பதில் இருக்க வேண்டும். ஆகவே முன்னோட்டத்தை அழகை வைத்து எடைபோடாமல், தையலை வைத்து எடைபோடுவதே முறை என்பது என் கருத்து. இக்கட்டுரை அந்த அளவுகோலைக் கொண்டே இன்று புழங்கும் முறைகளைப் பார்க்கிறது.

முதலில் அளவு

கோட்டை ஏற்றுவதற்கு முன் படத்தின் அளவுகோலைக் கண்டுபிடித்துவிட வேண்டும். ஒரு எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். மாப்பிள்ளையின் உயரம் 172 செ.மீ. தலை முதல் பாதம் வரை எடுத்த படத்தின் உயரம் 4000 பிக்சல். அதில் அவர் நிற்பது 3440 பிக்சல். வகுத்துப் பார்த்தால் ஒரு செ.மீ.க்கு 20 பிக்சல். இந்த ஒரு எண் கையில் இருந்தால் தையற்காரர் சொல்லும் எந்த அளவையும் படத்தில் வைத்துவிடலாம். 4 செ.மீ. காலர் 80 பிக்சல் உயரம் வரும். 18 மி.மீ. பொத்தான் 36 பிக்சல் அகலம் வரும். படத்தில் பொத்தான் 60 பிக்சல் இருந்தால், அது 3 செ.மீ. பொத்தான். அந்த அளவுப் பொத்தானை யாரும் ஷெர்வானியின் நெஞ்சில் வரிசையாகத் தைப்பதில்லை.

இந்தக் கணக்கு நிலைக்க, படம் ஒழுங்காக எடுக்கப்பட்டிருக்க வேண்டும். கேமரா நெஞ்சு உயரத்தில், குறைந்தது 3 மீட்டர் தள்ளி இருப்பது நல்லது. கைப்பேசியை முகத்துக்கு நேரே, பக்கத்தில் வைத்து எடுத்தால் தோள் பெருத்து கால் சிறுத்துவிடும், நெஞ்சில் செ.மீ.க்கு 20 பிக்சல் இருந்தால் முழங்காலில் 16 ஆகிவிடும். நேரு கோட்டு இடுப்போடு முடிந்துவிடுவதால் இதைத் தாங்கிக்கொள்ளும். முழங்கால் வரை இறங்கும் ஷெர்வானி தாங்காது. அதன் நீளம் படத்தில் ஒன்றாகவும் உடம்பில் ஒன்றாகவும் இருக்கும்.

இன்னொன்று, முன்பக்கக் கேமராவில் எடுத்த படம் சில கைப்பேசிகளில் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறியே சேமிக்கப்படுகிறது. குர்தாவின் முன்பட்டியைப் பார்த்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம். ஆண்கள் உடையில் அணிபவரின் இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் படியும். எதிரே நின்று பார்க்கும் நமக்கு மேல்பட்டியின் ஓரம் பொத்தானுக்கு இடப்புறம் தெரிய வேண்டும். குர்தாவில் அது வலப்புறம் தெரிந்தால் படம் திரும்பியிருக்கிறது. முதலில் அதை நேராக்கிவிட்டுத்தான் கோட்டைத் தொட வேண்டும்.

காலர்

நேரு கோட்டின் காலரும் ஷெர்வானியின் காலரும் கழுத்தைச் சுற்றி நிமிர்ந்து நிற்பவை. உள்ளே பக்ரம் வைத்துத் தைப்பதால் விறைப்பாக நிற்கும். குர்தாவின் காலரோ பெரும்பாலும் மெல்லிய பட்டி. துவைத்துத் துவைத்துத் தளர்ந்தும் இருக்கும். ஒன்றன் வெளியே ஒன்றாக நிற்கும்போது குர்தாக் காலர் கோட்டுக் காலருக்கு மேலே அரை செ.மீ. அளவுக்கு மெல்லிய கோடாகத் தெரிவது அழகு. நம் எடுத்துக்காட்டில் அது 10 பிக்சல். கழுத்துப் பட்டியே இல்லாத குர்தாவானால் இந்தக் கோடு இருக்காது. அப்போது கோட்டுக் காலர் நேரே தோலைத் தொடும். சட்டைக் காலர் வைத்த குர்தாவின் மேல் இந்தக் கோட்டை ஏற்றவே கூடாது. காலர் மடிப்பை மறைக்கப் படத்தில் கழுத்தையே திரும்ப வரைய வேண்டிவரும், அந்தக் கழுத்து மாப்பிள்ளையுடையதாக இருக்காது. வேறு குர்தா போடச் சொல்லித் திரும்பப் படம் எடுப்பதுதான் வழி.

காலரை ஒரே துண்டாக வெட்டி ஒட்டுவதுதான் மிகப் பரவலாகக் காணும் குறை. கழுத்தைச் சுற்றும் எதற்கும் முன்பாதியும் பின்பாதியும் உண்டு. முன்பாதி கழுத்துக்கு முன்னால் நிற்கும். பின்பாதியின் உட்புறம் கழுத்துக்குப் பின்னால், பக்கவாட்டில் கொஞ்சம் எட்டிப்பார்க்கும். ஆகவே அடுக்குகளின் வரிசை இப்படி இருக்க வேண்டும்: எல்லாவற்றுக்கும் அடியில் பின்னணி, அதன் மேல் கோட்டுக் காலரின் பின் உட்புறம், பிறகு குர்தாக் காலரின் பின் உட்புறம், பிறகு கழுத்து, அதன் மேல் குர்தாவின் முன்காலர், கடைசியில் கோட்டின் முன்பக்கம். தாடி வைத்த மாப்பிள்ளையானால் தாடி முடி இவை எல்லாவற்றுக்கும் மேலே வர வேண்டும். தாடியின் நுனி காலருக்கு அடியில் போய் மறைந்தால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ இடறுவது தெரியும்.

தாடையின் நிழலையும் விட்டுவிடக் கூடாது. அசல் படத்தில் அது குர்தாக் காலரின் மேல் விழுந்திருக்கும். புதுக் காலர் அதற்கு முன்னால் வந்துவிட்டதால் நிழலும் அதன் மேல் ஏற வேண்டும். காலரின் முன் இரு முனைகளும் ஒரே அளவில் வளைந்திருக்கின்றனவா, நடுவில் ஒன்றையொன்று தொடுகின்றனவா அல்லது சமமாக விலகியிருக்கின்றனவா என்று பெரிதாக்கிப் பார்த்தால், செய்தவர் கோட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவரா என்பது தெரிந்துவிடும்.

பொத்தான்

பொத்தான்கள் நிற்பது முன்னடுக்கின் ஓரத்தில் அல்ல, உடம்பின் நடுக்கோட்டில். மேல்படியும் பாகம் நடுக்கோட்டைத் தாண்டி ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. வரை போகும். ஆகவே பார்ப்பவருக்குப் பொத்தான் வரிசைக்கு இடப்புறம் 30 முதல் 40 பிக்சல் தள்ளி, மேலிருந்து கீழாக ஒரு துணி ஓரமும் அதனடியில் மெல்லிய நிழலும் தெரிய வேண்டும். பல முன்னோட்டங்களில் இந்த ஓரமே இருப்பதில்லை. நடுவில் ஒரு கோடு, அதன் மேல் பொத்தான்கள் என்று போட்டுவிடுகிறார்கள். அப்படி ஒரு கோட்டை எங்கே திறப்பது?

காஜாவும் கவனிக்கத்தக்கது. படுக்கைவசமாக எடுத்த காஜாவில், கோட்டைப் பூட்டியதும் பொத்தான் துணியோரத்தை ஒட்டிய முனையில் போய் நிற்கும். அதனால் காஜாவின் மீதி ஒரு செ.மீ. பொத்தானுக்கு மறுபுறம், நம் பார்வைக்கு வலப்புறம், தையல் கோடாகத் தெரியும். உலோகப் பொத்தானை அலங்காரமாக வைத்து அடியில் பிரஸ் பட்டன் தைக்கும் ஷெர்வானிகளில் காஜா தெரியாது. இரண்டில் எது என்று தையற்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்தால் போதும்.

இடைவெளிக்குக் கணக்கு இருக்கிறது. கழுத்துத் தையலிலிருந்து கீழ்விளிம்பு வரை 60 செ.மீ. உள்ள ஒரு நேரு கோட்டை எடுத்துக்கொள்வோம். முதல் பொத்தான் தையலுக்கு 2 செ.மீ. கீழே, கடைசிப் பொத்தான் விளிம்புக்கு 12 செ.மீ. மேலே. நடுவில் 46 செ.மீ. ஐந்து பொத்தானுக்கு நான்கு இடைவெளி, ஒவ்வொன்றும் 11.5 செ.மீ., அதாவது 230 பிக்சல். ஆறு பொத்தான் வைத்தால் 9.2 செ.மீ., 184 பிக்சல். பொத்தான்களைக் கண் அளவில் வைக்காமல் இப்படி வகுத்து வைத்தால் வரிசை தானாக நேராகிவிடும். ஷெர்வானியிலும் இதே கணக்குதான். ஆனால் பொத்தான் வரிசை இடுப்பு அல்லது அதற்குச் சற்றுக் கீழோடு நின்றுவிட வேண்டும். அதற்குக் கீழே திறந்திருந்தால்தான் நடக்கவும் உட்காரவும் முடியும். விளிம்பு வரை பொத்தான் போட்ட ஷெர்வானியைப் படத்தில் கண்டால், வரைந்தவர் அதை அணிந்தவரை நடக்கப் பார்த்ததில்லை என்று கொள்ளலாம்.

மாப்பிள்ளை நேராக நிற்காமல் சற்றுத் திரும்பி நின்றால் கணக்கு கொஞ்சம் மாறும். 30 டிகிரி திரும்பினால் அகலங்கள் ஏறத்தாழ 0.87 மடங்காகச் சுருங்கும். உயரங்கள் அப்படியே இருக்கும். 36 பிக்சல் வட்டப் பொத்தான் 31 பிக்சல் அகலமுள்ள முட்டை வடிவாகிவிடும். நடுக்கோடும் நேராக இறங்காமல் நெஞ்சின் புடைப்பைத் தழுவி வளையும். திரும்பி நிற்கும் உடம்பின் மேல் முழு வட்டப் பொத்தான்கள் நேர்கோட்டில் இறங்குவதுதான் ஒட்டுவேலையை உடனே காட்டிக்கொடுக்கும் அடையாளம்.

லைனிங்

மூன்றில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். நேராக நிற்கும் மாப்பிள்ளை பொத்தான் போட்ட ஷெர்வானியில் இருந்தால், லைனிங் எங்கும் தெரியாது. பக்கவாட்டுக் கட் நடக்கும்போதுதான் விலகும். அப்படியிருந்தும் பளபளப்புக்காகச் சிவப்பு லைனிங்கை ஓரமெல்லாம் எட்டிப்பார்க்க வைக்கிறார்கள்.

முன்பக்கம் திறந்து விட்ட ஷெர்வானியில் லைனிங் தெரியும். ஆனால் ஓரத்திலிருந்தே தொடங்காது. முன்னோரத்தின் உட்புறத்தில் மேல்துணியாலேயே ஏழெட்டு செ.மீ. அகலத்தில் உள்பட்டி வைத்துத் தைப்பார்கள். அது முடிந்த பிறகே லைனிங் தொடங்கும். கீழ்விளிம்பிலும் மேல்துணி உள்ளே மடிந்த பிறகு, விளிம்புக்கு இரண்டு செ.மீ. மேலேதான் லைனிங் நிற்கும். ஆகவே கோட்டின் முன்பாகம் சற்று வெளியே திரும்பினால் படத்தில் முதலில் தெரிவது 140 பிக்சல் உள்பட்டிதான். அது குறைவாகத் திரும்பியிருந்தால் லைனிங்கே தெரியாமல் போகலாம், அதுவே சரி. லைனிங் தெரியும் இடத்தில் அது சாட்டினோ கிரேப்போ, ஜரிகை வேலை எதுவும் இல்லாமல், மேல்துணியைவிட மெல்லிய மடிப்புகளோடு, கோட்டின் நிழலுக்குள் இருக்க வேண்டும். வெளியே உள்ள அதே பூவேலை உள்ளேயும் தொடர்ந்தால் அது தைக்கவே முடியாத துணி.

லைனிங் கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் படத்தில் அது வேலை செய்கிறது. லைனிங்கும் கேன்வாஸும் வைத்துத் தைத்த கோட்டு உள்ளே இருக்கும் குர்தாவின் சுருக்கத்தை வெளியே விடாது. மேல்துணி வழவழவென்று இறங்கும். மடிப்புகள் குறைவாகவும் பெரியதாகவும் முழங்கையிலும் அக்குளிலும் மட்டும் இருக்கும். போட்டோஷாப்பில் குர்தாவின் ஒளிநிழலை `Multiply` முறையில் புதுத் துணியின் மேல் ஏற்றுவது வழக்கம். அப்படியே ஏற்றினால் பருத்திக் குர்தாவின் நுண்சுருக்கங்கள் எல்லாம் ஷெர்வானியின் மேல் வந்து, குர்தாவின் மேலேயே பூவேலை அச்சடித்தது போலாகிவிடும். அதற்கு முன் குர்தாவின் ஒளிநிழல் அடுக்கை `Gaussian Blur` கொண்டு நம் எடுத்துக்காட்டில் 60 பிக்சல், அதாவது 3 செ.மீ. அளவுக்கு மங்கச் செய்ய வேண்டும். சிறு சுருக்கங்கள் போய், நெஞ்சின் புடைப்பும் வயிற்றின் வளைவும் அக்குள் நிழலும் மட்டும் எஞ்சும். கோட்டுக்கு உள்ளே லைனிங் இருக்கிறது என்பதை, அதைக் காட்டாமலேயே சொல்லிவிடும் படி இது. கோட்டுக்கே உரிய நான்கைந்து பெரிய மடிப்புகளை அதன் பிறகு கையால் சேர்த்தால் போதும்.

குர்தா கோட்டைவிட அகலமாக இருப்பதும் இங்கே சேர்ந்துவரும் சிக்கல். தளர்வான குர்தாவின் பக்கங்கள் நேரு கோட்டின் பக்கத்தையலுக்கு வெளியே பிதுங்கி நிற்கும். கோட்டைப் போட்டால் அவை உள்ளே அடங்கிவிட வேண்டும். ஆகவே வெளியே தெரியும் குர்தாவை அழித்து அங்கே பின்னணியை நிரப்ப வேண்டும். கோட்டின் விளிம்புக்குக் கீழே மட்டும் குர்தா கொஞ்சம் விரிந்து வெளிவரும். அங்கே கோட்டின் நிழல் ஒரு பட்டையாக விழும். கையில்லாத கோட்டின் ஆம்ஹோலிலிருந்து வெளிவரும் குர்தாக் கையிலும் இதே நிழல் வேண்டும்.

முறைகள்

இவ்வளவையும் கையால் செய்வது முதல் முறை. கோட்டை ஒரு டம்மியில் மாட்டி, மாப்பிள்ளை படத்தில் உள்ள அதே திசை வெளிச்சத்தில் படமெடுத்து, வெட்டி, `Warp` கொண்டு உடம்புக்குப் பொருத்துவது. மெதுவான வேலை. ஆனால் காலரும் காஜாவும் அசல் கோட்டிலிருந்து வருவதால் பொய் சொல்லாது.

இரண்டாவது, ஆடையை உடம்புக்கு ஏற்பத் தானாக வளைத்துப் பொருத்தும் ஆய்வு நிரல்கள். 2018இல் வெளிவந்த VITON இவற்றில் பலருக்கும் தெரிந்தது. பெண்களின் மேலாடைப் படங்களைக் கொண்டு 256-க்கு 192 பிக்சல் அளவில் பயிற்றப்பட்டது அது. 2021இல் வந்த VITON-HD அளவை 1024-க்கு 768 ஆக உயர்த்தியது. இரண்டும் இருக்கிற மேலாடையை நீக்கிவிட்டு வேறொன்றைப் போடுவதற்காக உருவானவை. நமக்கு வேண்டியது குர்தாவை வைத்துக்கொண்டே அதன் மேல் இன்னொன்றைப் போடுவது. காலரிலும் கையிலும் கீழ்விளிம்பிலும் உள்ளடுக்கு தெரிந்தாக வேண்டும். இந்த வரிசை அணிதலை நேராக எடுத்துக்கொண்ட ஆய்வு 2021இல் வெளிவந்த 'டிரெஸ்ஸிங் இன் ஆர்டர்'. ஆடைகளை ஒன்றன் பின் ஒன்றாக ஏற்றுவதால், எது உள்ளே எது வெளியே என்பதை அது மாற்றிக் காட்ட முடிந்தது. நம் வேலைக்குக் கருத்தளவில் மிக நெருங்கியது இதுவே.

மூன்றாவது, குறித்துக் கொடுத்த பகுதியில் புதிதாகவே வரைந்து தரும் நிரல்கள். வேகமும் வெளிச்சப் பொருத்தமும் இவற்றின் பலம். பொத்தான் இவற்றின் பலவீனம், அதற்கான காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 2022இல் வந்த ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்புகள் 512 பிக்சல் படத்தைப் பக்கத்துக்கு எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி, 64 கட்டங்களாக வைத்துக்கொண்டு வேலை செய்பவை. முழு உருவம் அந்த 512-க்குள் 450 பிக்சல் உயரம் நின்றால், ஒரு செ.மீ.க்கு 2.6 பிக்சல்தான். 18 மி.மீ. பொத்தான் ஐந்து பிக்சலுக்கும் குறைவு. எட்டுப் பிக்சல் கட்டம் ஒன்றைக்கூட அது நிரப்பாது. ஒரு பொத்தான் பெரிதாகவும் அடுத்தது தேய்ந்தும், ஐந்து ஏழாகியும் வருவது இதனால்தான். கழுத்து முதல் இடுப்பு வரை மட்டும் வெட்டி எடுத்து 1024 பிக்சலில் செய்தால் பொத்தானின் அகலத்துக்கு ஏறத்தாழ நான்கு கட்டங்கள் கிடைக்கும். பெரும்பகுதி குறை அதிலேயே தீரும். பிறகு வந்த நிரல்கள் இன்னும் கூர்மையானவை. இருந்தாலும் எந்தப் பக்கம் எதன் மேல் படிகிறது, உள்பட்டி எங்கே முடிகிறது என்பதை அவை தையலிலிருந்து அறிந்துகொள்வதில்லை. பார்த்த படங்களிலிருந்து ஊகிக்கின்றன. அதனால் துணியையும் வெளிச்சத்தையும் நிரலிடம் விட்டுவிட்டு, காலரையும் பொத்தான்களையும் உண்மையான கோட்டின் படத்திலிருந்து கையால் வைப்பதையே நான் சிபாரிசு செய்வேன்.

எது நம்பத்தக்கது

நேரு கோட்டு முன்னோட்டத்தைத் தாராளமாக நம்பலாம். தோளிலும் இடுப்பிலும் முடியும் சிறிய ஆடை அது. குர்தாவின் கையும் கீழ்ப்பகுதியும் அசலாகவே இருந்துவிடும். பொத்தான் போட்ட ஷெர்வானியில், காலரையும் பொத்தான்களையும் மேலே சொன்னபடி கையால் வைத்திருந்தால், நிறத்தையும் காலரையும் பொத்தானையும் நம்பலாம். நீளத்தையும் தோள் பொருத்தத்தையும் நம்பக் கூடாது. குர்தா ஷெர்வானியைவிட நீளமாக இருந்தால் அந்தப் படத்தைக் கொண்டு நீளம் முடிவு செய்வது பிழை. அங்கே தெரியும் கால் முழுக்கக் கற்பனை. திறந்துவிட்ட ஷெர்வானிக்கு, கோட்டின் உட்புறத்தைப் படமெடுத்துக் கொடுக்காமல் முன்னோட்டம் கேட்பதில் பயனில்லை.

முன்னோட்டத்தைக் கையில் வாங்கும் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். படத்தின் அடியில் காலர் உயரம், பொத்தானின் எண்ணிக்கையும் விட்டமும், முதல் பொத்தானுக்கும் கடைசிப் பொத்தானுக்கும் இடைப்பட்ட தூரம், லைனிங் துணி ஆகிய நான்கையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அவற்றைத் தையற்காரரிடம் காட்டி அவர் தலையசைத்த பிறகு துணிக்கு முன்பணம் கொடுங்கள்.